சைட்டில் இருப்பது எந்தத் தாள்?

நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்று எழும்பிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் தளத்துக்குக் கான்கிரீட் போட இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. வீடு வாங்கப்போகிறவர் ஒருவர் படுக்கையறைச் சுவரை இரண்டடி தள்ளி வைக்கச் சொல்கிறார். ஆர்க்கிடெக்ட் சம்மதிக்கிறார். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் பத்தடி உயரத்துக்கு எழுந்தால் மீட்டருக்குச் சுமார் 1.3 டன் எடை வரும். அந்த எடை இப்போது B7 என்ற பீமின் மேல் போய் உட்காருகிறது. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கணக்குப் போட்டுப் பார்த்து, பீமின் அடியில் இருந்த மூன்று 16 மில்லிமீட்டர் கம்பிகளை மூன்று 20 மில்லிமீட்டர் கம்பிகளாக மாற்றுகிறார்.

பீமின் அகலமும் ஆழமும் அப்படியேதான் இருக்கின்றன. சென்டரிங் பலகையில் கை வைக்க வேண்டியதில்லை. மேலே ஏறிப் பார்க்கிறவர் கண்ணுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. கம்பியின் தடிமனில் நான்கு மில்லிமீட்டர் கூடியிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் இரும்பின் குறுக்குப் பரப்பு 603 சதுர மில்லிமீட்டரிலிருந்து 942 ஆகிறது, அதாவது ஒன்றரை மடங்குக்கும் மேல். கான்கிரீட் போட்ட பிறகு உள்ளே இருப்பது 16-ஆ 20-ஆ என்று கண்டுபிடிப்பது எளிதல்ல. கம்பியைத் தேடிக் காட்டும் கருவிகள் இருக்கின்றன. கம்பி எங்கே ஓடுகிறது என்பதை நன்றாகச் சொல்லும். நெருக்கமாகக் கட்டிய பீமில் அதன் விட்டத்தைச் சொல்லும்போது அவற்றை முழுதாக நம்ப முடியாது. சந்தேகம் தீர வேண்டுமானால் பீமைக் கொத்தித்தான் பார்க்க வேண்டும்.

ஆகவே, அந்த ஒரு வாரத்துக்குள் புது வரைபடம் கம்பி கட்டுகிறவர் கையில் இருக்க வேண்டும். பழையது அவர் கையில் இருக்கவே கூடாது. கட்டுமானத் துறையில் டாக்குமென்ட் கன்ட்ரோல் என்று சொல்வதெல்லாம் இந்த இரண்டு வாக்கியங்களை நடத்திக் காட்டுவதற்கான ஏற்பாடுதான். முதல் வாக்கியத்தை எல்லோரும் ஓரளவு செய்துவிடுகிறார்கள். இரண்டாவதில்தான் பெரும்பாலான இடங்களில் கோட்டை விடுகிறார்கள்.

பெயரில் என்ன இருக்க வேண்டும்

ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரின் அலுவலகத்திலிருந்து புது வரைபடம் எப்படிப் புறப்படுகிறது என்று பார்ப்போம். பல சிறிய அலுவலகங்களில் அதன் பெயர் `2nd floor beam final.pdf` என்று இருக்கும். அடுத்த திருத்தம் வந்தால் `final new`, அதற்கும் அடுத்தது `final revised latest`. இந்தப் பெயர்களை வைத்துக்கொண்டு எது எதற்குப் பின்னால் வந்தது என்று மூன்று மாதம் கழித்து ஒருவராலும் சொல்ல முடியாது, பெயர் வைத்தவராலும்கூட. கோப்பின் தேதியைப் பார்க்கலாமே என்றால் அதுவும் உதவாது. யாராவது கோப்பை நகலெடுத்தாலோ போனில் இறக்கினாலோ, கணினி காட்டுவது நகலெடுத்த தேதியாகிவிடலாம்.

ஒழுங்காக நடக்கும் இடத்தில் அதே வரைபடம் இப்படி வரும்:

```
ANB-STR-02-DR-0207_R01.pdf
```

ANB என்பது திட்டத்துக்கு நாம் வைத்துக்கொண்ட சுருக்கப் பெயர். STR என்றால் கட்டமைப்பு வரைபடம். ஆர்க்கிடெக்ட்டுடையது ARC, பிளம்பிங் PLB என்று போகும். 02 என்பது தளம். DR என்றால் வரைபடம். கணக்குத் தாளாக இருந்தால் வேறு எழுத்து. 0207 என்பது அந்த வரைபடத்தின் வரிசை எண். கோட்டுக்கு முன்னால் இருக்கும் இவை எதுவும் திட்டம் முடியும் வரை மாறக்கூடாது. வரைபடத்துக்கு அது நிரந்தர அடையாளம். கோட்டுக்குப் பின்னால் இருக்கும் R01 மட்டும் R02, R03 என்று நகரும். இந்தப் பிரிவினை இருந்தால்தான் “0207 இப்போது எந்த ரிவிஷனில் இருக்கிறது?” என்ற கேள்வியையே ஒருவர் கேட்க முடியும்.

R1 என்று எழுதாமல் R01 என்று எழுதுவதற்கும் காரணம் உண்டு. எழுத்து வரிசைப்படி அடுக்கும் பட்டியலில் R10 வந்து R2-க்கு முன்னால் நின்றுகொள்ளும். கடைசியில் இருப்பதுதான் புதியது என்று நம்பி எடுக்கிறவர் R9-ஐ எடுத்துவிடுவார். பூஜ்யம் போட்டால் வரிசை குலையாது. பெயரில் தேதி சேர்க்க வேண்டிய ஆவணமாக இருந்தால், கூட்டக் குறிப்பு போன்றவற்றில், `2025-03-14` என்று ஆண்டை முதலில் எழுதுவதும் இதே காரணத்துக்காகத்தான். எழுத்துகளால் ரிவிஷன் குறிக்கும் இடங்களில் I, O இரண்டையும் விட்டுவிடுவது வழக்கம். கையால் எழுதும்போது அவை 1 ஆகவும் 0 ஆகவும் வாசிக்கப்படும்.

ரிவிஷன் எண்ணைக் கோப்பின் பெயரில் சேர்க்கலாமா கூடாதா என்று இத்துறையில் வாதம் உண்டு. வெளியே அனுப்பும் பி.டி.எஃப். கோப்பில் கட்டாயம் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. அது அலுவலகத்தை விட்டுப் பத்துப் பேர் போனுக்குப் போகிறது. அங்கே அதற்குத் துணையாக இருப்பது அதன் பெயர் மட்டும்தான். வரையும் மூலக் கோப்பில், அதாவது ஆட்டோகேட் கோப்பில், சேர்க்கவே கூடாது. ஸ்ட்ரக்சுரல் வரைபடத்தின் அடியில் ஆர்க்கிடெக்ட்டின் வரைபடத்தை ஓர் இணைப்பாகத்தான் வைத்திருப்பார்கள். அந்த இணைப்பு கோப்பின் பெயரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஆர்க்கிடெக்ட் தன் கோப்பை R02 என்று புதுப் பெயரில் சேமித்து, பழைய R01 கோப்பையும் அதே இடத்தில் விட்டுவைத்தால், ஸ்ட்ரக்சுரல் வரைபடம் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் பழைய சுவர்களையே காட்டிக்கொண்டிருக்கும். சுவர் நகர்ந்த சேதியே அங்கு எட்டாது.

வரைபடத்தின் உள்ளேயும் திருத்தம் தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டும். B7-ஐச் சுற்றி மேகம் போல ஒரு வளைகோடு, பக்கத்தில் சிறு முக்கோணத்துக்குள் ரிவிஷன் எண், ஓரத்துக் கட்டத்தில் ஒரு வரி. அந்த வரியில் “பொதுவான திருத்தங்கள்” என்று எழுதுவது பலருக்குப் பழக்கம். படிக்கிறவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. “பீம் B7: அடிக்கம்பி 3-16-லிருந்து 3-20 ஆக மாற்றம்” என்று எழுதினால், சைட் இன்ஜினியர் முழு வரைபடத்தையும் பழையதோடு ஒப்பிட்டுத் தேட வேண்டியதில்லை. அடுத்த ரிவிஷனில் இந்த மேகம் நீக்கப்பட்டு, அடுத்த மாற்றத்தைச் சுற்றி மட்டும் புது மேகம் வரும். பழைய மேகங்களை விட்டுவைத்தால் எது புதிது என்ற அடையாளமே அழிந்துபோகும்.

புதியதெல்லாம் கட்டுவதற்கு அல்ல

ஆவணங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் “கடைசி வெர்ஷனைப் பாருங்கள்” என்று சொல்வதுண்டு. கட்டுமானத்தில் அந்த அறிவுரை ஆபத்தானது. R01 வெளியான மறுநாளே ஸ்ட்ரக்சுரல் அலுவலகத்தில் யாரோ R02-ஐ வரைய ஆரம்பித்திருக்கலாம். அதில் பாதிப் பீம்கள் மாறியிருக்கும், மீதிக்குக் கணக்கு முடிந்திருக்காது. கணினியில் கடைசியாகச் சேமித்தது அதுதான். அதைப் பார்த்துக் கட்டினால் யாரும் சரிபார்க்காத ஒன்றைக் கட்டியதாகும்.

எனவே ரிவிஷன் எண் ஒன்று, அந்தஸ்து வேறொன்று. எண் எத்தனையாவது பதிப்பு என்பதைச் சொல்லும். அந்தஸ்து அதை எதற்குப் பயன்படுத்தலாம் என்பதைச் சொல்லும்: கருத்துக் கேட்பதற்கா, டெண்டருக்கா, கட்டுவதற்கா. கட்டுவதற்கு உரியதை நம் ஊர் சைட்களில் ஜி.எஃப்.சி. என்று சொல்வார்கள், ‘குட் ஃபார் கன்ஸ்ட்ரக்ஷன்’ என்ற முத்திரையின் சுருக்கம். பல திட்டங்களில் ஆரம்ப நிலை வரைபடங்களுக்கு A, B, C என்று எழுத்தும், கட்டுமானத்துக்கு வெளியானதிலிருந்து R00, R01 என்று எண்ணும் வைப்பார்கள். எழுத்து இருந்தால் அந்தத் தாளை வைத்து ஒரு செங்கல்கூட வைக்கக்கூடாது என்பது மேஸ்திரிக்கும் எளிதில் புரிந்துவிடும்.

பொதுவான ஓரிடம் என்பதும் இந்த அந்தஸ்தைப் பொறுத்தே அமைய வேண்டும். 2018-இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 19650 என்ற சர்வதேசத் தரநிலை, அதற்கு முன்பு பிரிட்டனில் புழங்கிய பி.எஸ். 1192 என்ற தரநிலையின் வழியில், திட்டத்தின் ஆவணங்களை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறது. வரைகிறவர் மட்டும் பார்ப்பது, மற்ற துறையினரோடு ஒத்துப்பார்க்கப் பகிர்வது, ஒப்புதல் பெற்று வெளியிட்டது, காலம் முடிந்து காப்பில் வைத்தது. நம் நான்கு மாடிக் கட்டடத்துக்கு விலை உயர்ந்த மென்பொருள் வேண்டாம். கூகுள் டிரைவில் நான்கு கோப்புறைகள் போதும். சைட்டில் இருப்பவர்களுக்கு வெளியிட்ட கோப்புறை மட்டும் தெரிய வேண்டும், அதுவும் பார்க்கும் உரிமை மட்டும். அங்கே ஒவ்வொரு வரைபடத்துக்கும் ஒரே ஒரு கோப்புதான் இருக்கும். R01 உள்ளே வரும்போது R00 காப்புக்குப் போய்விட வேண்டும்.

கூகுள் டிரைவைப் பயன்படுத்துகிறவர்கள் இரண்டு விஷயங்களைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. ஒரே கோப்புறையில் ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் இருக்க அது அனுமதிக்கும். கணினியின் சாதாரணக் கோப்புறை போலத் தடுக்காது. அடுத்தது, பி.டி.எஃப். போன்ற கோப்பின் மேல் புதியதை ஏற்றினால் பழையது வரலாற்றில் இருக்கும் என்று நம்பக்கூடாது. `Keep forever` என்று குறித்து வைக்காவிட்டால், 30 நாள் ஆனதும் அல்லது 100 பதிப்புகளுக்கு மேல் போனதும் பழையது அழிக்கப்படலாம். கட்டடத் தகராறுகள் வருடக்கணக்கில் கழித்து வருகின்றன. ஆகவே ஒவ்வொரு ரிவிஷனும் தனிக் கோப்பாகக் காப்பில் இருப்பதே சரி.

வாட்ஸ்அப் குழுவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது, ஏனென்றால் இன்று பெரும்பாலான வரைபடங்கள் அதில்தான் பயணம் செய்கின்றன. வேகத்துக்கு அது நல்லது. ஆனால் குழுவில் இருபது பேர் இருந்தால் இருபது போன்களில் இருபது நகல்கள் உருவாகின்றன. அவற்றில் ஒன்றையும் பிறகு திரும்பப் பெற முடியாது. வரைபடத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினால் படம் சுருக்கப்பட்டு, 16-ம் 18-ம் ஒன்றுபோலத் தெரியும். குழுவில் சேதி சொல்லட்டும். கோப்பை அனுப்ப வேண்டாம். “0207 R01 வெளியாகிவிட்டது, R00-ஐப் பயன்படுத்தாதீர்கள்” என்று எழுதி, பொது இடத்தின் இணைப்பைக் கொடுத்தால், திறக்கிற ஒவ்வொருவரும் அன்றைக்கு அங்கே இருப்பதைத்தான் பார்ப்பார்கள்.

ஒப்புதல் முத்திரையின் பொருள்

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் கான்சாஸ் சிட்டி என்ற நகரம். அங்கே ஹயாட் ரீஜன்சி ஹோட்டலின் உயர்ந்த முன்மண்டபத்தில், இரண்டாம் தளத்துக்கும் நான்காம் தளத்துக்கும் ஒன்றன் மேல் ஒன்றாக இரு நடைபாலங்கள் கூரையிலிருந்து எஃகுக் கம்பிகளால் தொங்கவிடப்பட்டிருந்தன. 1981 ஜூலை 17 அன்று மாலை நடன நிகழ்ச்சிக்குக் கூட்டம் நிரம்பியிருந்தபோது இரண்டும் சேர்ந்து இடிந்து விழுந்தன. 114 பேர் இறந்தார்கள். இருநூறுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள்.

முதலில் வரைந்த வடிவத்தில், கூரையிலிருந்து புறப்படும் ஒவ்வொரு கம்பியும் நான்காம் தளப் பாலத்தைத் துளைத்துக்கொண்டு இரண்டாம் தளப் பாலம் வரை நேராக இறங்கும். ஒவ்வொரு பாலமும் தன் எடையைக் கம்பிக்குத் தனித்தனியாகக் கொடுக்கும். ஆனால் அப்படிச் செய்ய, நடுவில் ஒரு நட்டைக் கொண்டுபோய் நிறுத்துவதற்காக நீண்ட தூரத்துக்குக் கம்பியில் மரை வெட்ட வேண்டும். எஃகு வேலை செய்த நிறுவனம் இதை எளிதாக்க, ஒரு கம்பியை இரண்டாகப் பிரித்தது. கூரையிலிருந்து நான்காம் தளப் பாலத்துக்கு ஒரு கம்பி, அந்தப் பாலத்திலிருந்து கீழ்ப் பாலத்துக்கு இன்னொன்று. அதாவது கீழ்ப் பாலம் இனிக் கூரையில் தொங்கவில்லை, மேல்பாலத்தில் தொங்கியது. நான்காம் தளப் பாலத்தின் விட்டத்துக்கு அடியில் இருந்த நட்டு, ஒரு பாலத்தின் சுமைக்குப் பதிலாக இரண்டு பாலங்களின் சுமையைத் தாங்க வேண்டியதாயிற்று.

இந்த மாற்றம் ஒளித்து வைக்கப்படவில்லை. எஃகு நிறுவனம் வரைந்த ஷாப் டிராயிங்குகளில் அது இருந்தது. அவை பொறியாளர் அலுவலகத்துக்குப் போயின. பார்த்ததற்கான முத்திரையோடு திரும்பி வந்தன. புதிய இணைப்பு எவ்வளவு சுமை தாங்கும் என்று யாரும் கணக்குப் போடவில்லை. மாற்றத்துக்கு டெலிபோனில் கேட்டு ஒப்புதல் வாங்கினோம் என்று எஃகு நிறுவனம் பிறகு சொன்னது. அப்படி ஒரு அழைப்பே வரவில்லை என்று பொறியாளர் அலுவலகம் மறுத்தது. எழுத்தில் எதுவும் இல்லை. பொறுப்பான பொறியாளர்கள் மிசூரியில் தங்கள் உரிமத்தை இழந்தார்கள்.

இதிலிருந்து நம் B7 பீமுக்கு வருகிற செய்தி மிகவும் குறிப்பானது. முத்திரை என்பது ஒரு கையெழுத்து. அதற்குப் பின்னால் என்ன வேலை நடந்தது என்பது எழுதப்பட்டிருக்க வேண்டும். வரைந்தவர் யார், சரிபார்த்தவர் யார், ஒப்புதல் தந்தவர் யார் என்று வரைபட ஓரத்தில் மூன்று கட்டங்கள் இருப்பது அதற்காகத்தான். மூன்றிலும் ஒரே ஆளின் கையெழுத்து இருந்தால் சரிபார்ப்பு நடக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். B7 விஷயத்தில் சரிபார்க்கிறவர் பார்க்க வேண்டியது 20 என்ற எண் தெளிவாக இருக்கிறதா என்பதை மட்டுமல்ல. சுவர் நகர்ந்ததால் வந்த எடை கணக்கில் சேர்ந்திருக்கிறதா, B7 போய்ச் சேரும் தூண்கள் அதைத் தாங்குமா என்பதையும் பார்க்க வேண்டும்.

ஒப்பந்தக்காரரிடமிருந்து வரும் வரைபடங்களைத் திருப்பி அனுப்பும்போது எண் குறித்து அனுப்புவது வழக்கம். திட்டத்துக்குத் திட்டம் கொஞ்சம் மாறினாலும் பொதுவாக 1 என்றால் ஒப்புதல், 2 என்றால் குறிப்புகளோடு ஒப்புதல், 3 என்றால் திருத்தி மறுபடி அனுப்பு. இதில் என்னை எப்போதும் கவலைப்படுத்துவது இரண்டாவதுதான். வேலையைத் தொடங்கலாம், ஆனால் சிவப்பு மையில் எழுதியிருக்கும் ஐந்து குறிப்புகளையும் நிறைவேற்ற வேண்டும் என்பது அதன் பொருள். அந்தச் சிவப்பு மைத் தாள் ஒப்பந்தக்காரரின் அலுவலகத்தில் தங்கிவிடும். சைட்டுக்குப் போவது அவர்கள் கணினியில் இருக்கும் சுத்தமான, குறிப்பில்லாத கோப்பு. ஒப்புதல் கிடைத்துவிட்டது என்பது உண்மை, கட்டியது தவறு என்பதும் உண்மை. எண் 2 போட்டு அனுப்பினால், குறிப்புகளைச் சேர்த்த அடுத்த ரிவிஷன் வந்து சேரும் வரை பதிவேட்டில் அதைத் திறந்தே வைத்திருக்க வேண்டும்.

கம்பி வெட்டுகிறவர் வரைபடத்தைப் பார்ப்பதில்லை

R01 முறையாக ஒப்புதல் பெற்றது, பொது இடத்தில் ஏறியது, குழுவில் சேதியும் போயிற்று என்று கொள்வோம். ஆனாலும் B7-இல் 16 மில்லிமீட்டர் கம்பியே கட்டப்படலாம். எப்படி?

கம்பி வெட்டும் இடத்தில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு யாரும் வெட்டுவதில்லை. வரைபடத்தைப் பார்த்து ஒருவர் எக்செல்லில் கம்பிப் பட்டியல் தயாரிப்பார். சைட்டில் அதற்கு பி.பி.எஸ். என்று பெயர். எந்தப் பீமுக்கு எந்தத் தடிமனில், எவ்வளவு நீளத்தில், எத்தனை கம்பி, எங்கே வளைக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். வெட்டுவதும் வளைப்பதும் அதன்படிதான். B7-க்கான பட்டியல் போன வாரமே R00-ஐப் பார்த்துத் தயாராகிவிட்டது. கம்பிகளும் வெட்டி, சீட்டுக் கட்டி அடுக்கப்பட்டுவிட்டன. வரைபடம் மாறிய சேதி பட்டியல் தயாரித்தவருக்கு எட்டவில்லையென்றால், சைட் இன்ஜினியரின் போனில் R01 இருந்தும் பயனில்லை.

ஒவ்வொரு ஆவணத்துக்கும் அதிலிருந்து பிறந்த வேறு ஆவணங்கள் உண்டு. பிறந்தது எதிலிருந்து என்று அதிலேயே எழுதியிருக்க வேண்டும். பட்டியலின் தலைப்பில் “ஆதாரம்: ANB-STR-02-DR-0207, R00” என்று ஒரு வரி இருந்தால் போதும். வரைபடம் R01-க்கு நகர்ந்ததும் பட்டியல் காலாவதியானது என்று பதிவேட்டை வைத்திருப்பவருக்கு ஒரு பார்வையில் தெரிந்துவிடும். இந்த ஒரு வரியை எழுதாத திட்டங்களே அதிகம்.

பதிவேடு என்றது வரைபடங்களின் பட்டியலை. எண், தலைப்பு, இப்போதைய ரிவிஷன், அந்தஸ்து, வெளியிட்ட தேதி, யார் யாரிடம் எத்தனை அச்சுப் பிரதி. பெரிய திட்டங்களில் இதற்கென்றே டாக்குமென்ட் கன்ட்ரோலர் என்ற பணியிடம் உண்டு. நம் கட்டடத்தில் சைட் இன்ஜினியரே செய்யலாம். ஆனால் ஒருவர்தான் அதைத் திருத்த வேண்டும். இருவர் திருத்தினால் அது பதிவேடாக இருக்காது. வரைபடம் அனுப்பும்போது கூடவே டிரான்ஸ்மிட்டல் என்ற சீட்டுப் போகும். இன்ன எண், இன்ன ரிவிஷன், இன்ன நோக்கத்துக்கு, இன்னாருக்கு, இன்ன தேதியில் என்று அதில் இருக்கும். பெற்றவர் அதில் கையெழுத்திட்டு, தன்னிடமிருந்த R00 அச்சுப் பிரதியைத் திருப்பித் தர வேண்டும்.

இந்தத் திருப்பித் தருதல்தான் மொத்த ஏற்பாட்டின் கடினமான பகுதி. சைட் ஷெட்டின் சுவரில் R00 ஒட்டப்பட்டிருக்கும். மேஸ்திரி மடித்துச் சட்டைப்பையில் வைத்திருப்பார். அதில் அவர் கைப்பட எழுதிய அளவுகள் இருக்கும். கொடுக்க மனம் வராது. அதனால் பிடுங்கினால் போதாது. குறிப்புகளைப் புதுத் தாளில் மாற்றிக்கொள்ள அவருக்கு நேரம் தர வேண்டும். பழையதை ஒப்பந்த ஆதாரத்துக்காக யாராவது வைத்திருக்க வேண்டியிருந்தால், அதன் மேல் குறுக்காக ‘காலாவதி’ என்று பெரிய முத்திரை குத்தி அலுவலகத்தில் மட்டும் வைக்கலாம். சில திட்டங்களில் வரைபட ஓரத்தில் க்யூ.ஆர். குறியீடு அச்சிடுகிறார்கள். போனைக் காட்டினால் பதிவேட்டின் அந்த வரி திறக்கும். கையில் இருக்கும் R00 காலாவதியானது என்று அந்த இடத்திலேயே தெரியும். காகிதத்தை ஒழிக்க முடியாத இடத்தில் இது நல்ல வழி.

கடைசிக் காவல், கான்கிரீட் ஊற்றுவதற்கு முன் கையெழுத்தாகும் போர் கார்டு. சென்டரிங் சரி, கம்பி சரி, எலெக்ட்ரிக் பைப் சரி என்று ஒவ்வொருவரும் ஒப்பமிடும் தாள் அது. அதில் “கம்பி சரிபார்க்கப்பட்டது” என்று மட்டும் இருந்தால் எதைப் பார்த்துச் சரிபார்த்தார் என்பது தெரியாது. “0207, R01 படி சரிபார்க்கப்பட்டது” என்று எழுத ஒரு கட்டம் இருந்தால், அதை நிரப்புவதற்காகவே அவர் தாளின் ஓரத்தைப் பார்த்தாக வேண்டும், பதிவேட்டோடு ஒப்பிட்டாக வேண்டும். அந்த நேரத்தில் தவறு பிடிபட்டால் நஷ்டம் மூன்று கம்பிகளும் அரை நாள் கூலியும். ஊற்றிய பிறகு பிடிபட்டால் பீமைச் சுற்றிக் கூடுதல் கம்பி கட்டி மறுபடி கான்கிரீட் போடுவது, மேலே வரும் சுவரை எடை குறைந்த கல்லுக்கு மாற்றுவது என்று பேச்சு வேறு திசையில் போகும்.

இந்த ஏற்பாட்டால் ஆகாத காரியமும் உண்டு. சரியான தாள் சரியான கைக்குப் போனதா என்பதைத்தான் இது கவனிக்கிறது. தாளில் இருக்கும் கணக்கு சரியா என்று இதற்குத் தெரியாது. கான்சாஸ் சிட்டி விபத்தை ஆராய்ந்தவர்கள், முதலில் வரைந்த ஒற்றைக் கம்பி அமைப்பே நகரத்தின் கட்டட விதி கேட்ட வலிமையில் சுமார் 60 சதவீதம்தான் தாங்கியிருக்கும் என்று கண்டார்கள். அந்தத் தாளை எவ்வளவு ஒழுங்காகப் பதிவு செய்திருந்தாலும் அந்தக் குறை நீங்கியிருக்காது.

இன்னொரு வரம்பு, வேகம். ஒப்புதலுக்குப் பத்து நாள், கான்கிரீட் நாளைக்கு என்றால் மனிதர்கள் போனை எடுத்துவிடுவார்கள். அதைத் தடுக்க முடியாது. அதற்கு ஒரு வழி வகுத்துத் தர வேண்டும். அவசர மாற்றத்தை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒரு பக்கத்தில் எழுதி, வரிசை எண் போட்டு, கையெழுத்திட்டு அனுப்பலாம். பதிவேட்டில் 0207-க்கு எதிரே அந்த எண் ஏறும். அடுத்த ரிவிஷனில் மாற்றம் சேர்ந்ததும் அது மூடப்படும். டெலிபோன் பேச்சு நடந்த அதே நாளில் இந்த ஒரு பக்கம் வராவிட்டால் வேலை நிற்கும் என்பதை ஆரம்பத்திலேயே எல்லோரும் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும்.

கட்டடம் முடிந்ததும் இந்தத் தாள்கள் வேறு கைக்கு மாறுகின்றன. கட்டியது கட்டியபடி வரைந்த கடைசித் தொகுப்பை ஆஸ்-பில்ட் என்பார்கள். பதிவேடும் போர் கார்டுகளும் ஒழுங்காக இருந்தால் அதை வரைவது சில நாள் வேலை. இல்லாவிட்டால் ஞாபகத்திலிருந்து வரைவார்கள். 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, தேவையான ஆவணங்களையும் வரைபடங்களையும் குடியிருப்போர் சங்கத்திடம் ஒப்படைப்பது கட்டுநரின் கடமை என்கிறது. அதே சட்டத்தின் 14-ஆம் பிரிவு, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் தெரியவரும் கட்டமைப்புக் குறைகளைக் கட்டுநர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும் என்கிறது. ஆகவே சங்கத்தின் பொறுப்பாளர்கள் வரைபடக் கட்டை வாங்கும்போது மூன்றைக் கேட்டு வாங்க வேண்டும்: ஒவ்வொரு எண்ணுக்கும் கடைசி ரிவிஷன் எது என்று சொல்லும் பதிவேடு, அந்தக் கடைசி ரிவிஷன்களின் பி.டி.எஃப்., தளம்வாரியாகப் போர் கார்டுகள். பிறகு ஏதாவது ஒரு தளத்தின் போர் கார்டை எடுத்து, அதில் எழுதிய ரிவிஷனும் பதிவேட்டில் இருக்கும் ரிவிஷனும் ஒன்றா என்று ஒத்துப்பார்க்கலாம். அதற்குப் பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை. இரண்டும் வேறாக இருந்தால், சாவியை வாங்கும் முன்பே ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் எழுத்தில் விளக்கம் கேட்டுவிடலாம்.